பயணச் செலவு: கவர் நாளுக்கு, வகை நோட்டுக்கு

"பயணம் கிளம்பும்போது சாப்பாடு, போக்குவரத்து, சுற்றிப் பார்ப்பது என்று தனித்தனி கவரில் பணம் பிரித்து வைக்கிறேன். தினமும் கணக்கும் எழுதுகிறேன். ஆனாலும் பாதிப் பயணத்தில் கவர்கள் குழம்பிப் போய், கடைசியில் பட்ஜெட் தாண்டிவிடுகிறது. இதைச் சரியாகச் செய்வது எப்படி?"

கவரை வகைவாரியாகப் பிரித்ததில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பணத்தை நாள்வாரியாகப் பிரியுங்கள். சாப்பாடு, போக்குவரத்து என்ற வகையெல்லாம் கணக்கு நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

வீட்டில் மாதச் செலவுக்கு வகைவாரியாகக் கவர் போடுவது நன்றாகவே நடக்கும், ஏனென்றால் அங்கே அதே செலவுகள் மாதாமாதம் ஏறக்குறைய அதே அளவில் வருகின்றன. பயணத்தில் அப்படி இல்லை. மழை பெய்தால் நடந்து போக நினைத்த இடத்துக்கு டாக்சி பிடிப்பீர்கள். அன்றைக்கு அருங்காட்சியகம் மூடியிருந்தால் அந்தப் பணம் அப்படியே நிற்கும். போக்குவரத்துக் கவர் காலியாகி, சுற்றிப் பார்க்கும் கவர் கனமாக இருக்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கத்தான் செய்வோம். இப்படி இரண்டு மூன்று முறை எடுத்த பிறகு எந்தக் கவரில் இருப்பது எதற்கான பணம் என்று உங்களுக்கே தெரியாது. இதற்கு நடுவில் பெரிய தாளை ஒரு கவரிலிருந்து கொடுத்து, மீதிச் சில்லறையை வேறு கவரில் போட்டிருப்பீர்கள். எல்லாக் கவரையும் கையோடு தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பது தனித் தொல்லை.

பயணத்தில் முன்கூட்டியே உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது. அதனால் கவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: மீதி நாட்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு இருக்கிறது? இந்த வகுத்தல் தினமும் இரவு நடக்க வேண்டும். தினசரிக் கணக்கு எழுதுவதன் முதல் வேலையே அதுதான். செலவானதைப் பட்டியல் போட்டு வைத்துவிட்டு மறுநாள் பழையபடியே செலவு செய்தால், எழுதியதால் பட்ஜெட்டுக்கு எந்தப் பலனும் இல்லை.

ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாமல் வெறும் எண்களாகவே எழுதுகிறேன், உங்கள் பணத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 10 நாள் பயணம், மொத்த பட்ஜெட் 2,000. கிளம்பும் முன்பே கட்டிவிட்ட டிக்கெட்டும் தங்குமிடமும் 900. இதைத் தினசரிக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். போன பணம் அது. அதையும் சேர்த்து நாள் சராசரி பார்த்தால் எண் பெரிதாகத் தெரிந்து, கையிலுள்ள பணத்தைப் பற்றித் தவறான தைரியம் வரும்.

மீதி 1,100. இதில் 100-ஐ அவசரத்துக்கென்று ஒட்டி மூடிவிடுங்கள். உடம்பு சரியில்லை, வண்டி தவறிவிட்டது, டிக்கெட் தொலைந்துவிட்டது, இந்த மாதிரி விஷயங்களுக்கு மட்டும். மற்றக் கவர்கள் இருக்கும் பையில் இது இருக்கக் கூடாது. அடுத்து, போகும்போதே தெரிந்த பெரிய செலவுகள்: நடுவில் ஒரு நீண்ட ரயில் பயணம், இரண்டு நுழைவுக் கட்டணம், வந்து இறங்கும் நாளும் திரும்பும் நாளும் நிலையத்துக்குப் போய்வரும் செலவு. இவற்றுக்கு 300 என்று வைப்போம். இதைத் 'தெரிந்த செலவு' கவரில் போட்டு, எது எதற்கு எவ்வளவு என்று கவரின் மேலேயே எழுதிவிடுங்கள். முதல் நாளையும் கடைசி நாளையும் பலர் இதில் சேர்ப்பதில்லை. இறங்கிய உடனே வண்டி, சிம் கார்டு, பயண அட்டை என்று முதல் நாளிலேயே இரண்டு நாள் பணம் போய்விடும், மனசும் விட்டுப் போகும். அது வழக்கமான நாள் செலவு இல்லை, அதனால் அதற்குத் தனி இடம் வேண்டும்.

இப்போது மிச்சம் 700. இதை 10-ஆல் வகுத்து நாளுக்கு 70 என்று வைக்கத்தான் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். 60 என்று வையுங்கள். மிச்சமாகும் 100-ஐத் 'தளர்வு' என்று ஒரு கவரில் போடுங்கள். நாள் அளவிலேயே தளர்வைக் கலந்துவிட்டால் அது சாதாரண நாளிலேயே கரைந்துவிடும். எதற்குப் போனது என்று பிறகு யோசித்தாலும் ஞாபகம் வராது. தனியாக இருந்தால், அதை எடுக்கும்போது எடுக்கிறோம் என்று தெரியும்.

10 நாளுக்கு 10 கவர் போட வேண்டியதில்லை. பயணத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள், ஊர் மாறும் இடத்தில் பிரித்தால் வசதி. 4 நாள், 3 நாள், 3 நாள் என்றால் மூன்று கட்டக் கவர்கள்: 240, 180, 180. தினமும் காலையில் நடப்புக் கட்டத்தின் கவரிலிருந்து 60 எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறீர்கள். மற்றதெல்லாம் அறையில் பூட்டிய இடத்தில். வெளியே போகும் உங்களிடம் அன்றைய பணம் மட்டுமே இருக்கும். பர்ஸ் தொலைந்தால்கூட ஒரு நாள் பணம்தான் போகும் என்பது கூடுதல் லாபம்.

எந்தத் தாள்களாக வைப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரே பெரிய தாளாக இருக்கும் பணத்தை உடைக்க மனம் தயங்கும். அதே தொகை சின்னத் தாள்களாக இருந்தால் சுலபமாகச் செலவாகும். பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவாஸ்தவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதனைகள் வழியாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் தளர்வு, அவசரம் இரண்டையும் பெரிய தாள்களாக வையுங்கள். முதல் கட்டக் கவரில் மட்டும் சின்னத் தாள்களும் சில்லறையும் போதுமான அளவு இருக்கட்டும், ஏனென்றால் புது ஊரில் முதல் நாள் பேருந்திலோ சின்னக் கடையிலோ பெரிய தாளை நீட்டினால் மீதி கிடைக்காது. அங்கே சில்லறைக்காகத் தேவையில்லாத ஒன்றை வாங்குவதில்தான் முதல் கசிவு தொடங்குகிறது.

சரி, முதல் நாள் முடிந்தது என்று வைப்போம். நோட்டில் இப்படி இருக்கிறது:

காலை 8.40, பேருந்து, 8, மீதி 52
மதியம் 1.15, சாப்பாடு, 14, மீதி 38
மாலை 4.00, தண்ணீர், பிஸ்கட், 5, மீதி 33
இரவு 8.00, சாப்பாடு, 18, மீதி 15

ஒவ்வொரு வரியிலும் மீதி எழுதியிருப்பதைப் பாருங்கள். செலவை மட்டும் எழுதினால் நீங்கள் பார்ப்பது போன பணம். மீதியையும் எழுதினால் இருக்கிற பணம் கண்ணில் படும், அடுத்த செலவைத் தீர்மானிப்பது அந்த எண்தான். போனில் எழுதினாலும் சரி, சின்ன நோட்டில் எழுதினாலும் சரி, பணம் கொடுத்து ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். நான் போனைவிடச் சட்டைப் பையில் அடங்கும் நோட்டையே விரும்புகிறேன். சார்ஜ் தீர்ந்த போனில் கணக்கு எழுத முடியாது, பயணத்தில் சார்ஜ் தீர்வதோ நாம் அதிகம் செலவு செய்யும் மாலை நேரத்தில்தான்.

இரவு அறைக்கு வந்ததும் முதலில் பர்ஸில் இருப்பதை எண்ணுங்கள். நோட்டைத் திறக்கும் முன்பே எண்ணி, அந்த எண்ணை எழுதிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். நோட்டை முதலில் பார்த்துவிட்டால் 15 இருக்க வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் 12 வந்தாலும் எங்கேயோ ஒரு நாணயம் விழுந்திருக்கும் என்று 15 ஆக்கிவிடுவோம்.

எண்ணினால் 12 இருக்கிறது. நோட்டுப்படி 15. மூன்று காணோம். என்ன என்று இரண்டு நிமிடம் யோசியுங்கள், பெரும்பாலும் டிப்ஸ், கழிப்பறைக் கட்டணம், பெட்டகக் கட்டணம், நின்றபடி குடித்த ஒரு டீ என்று ஏதாவது ஞாபகம் வரும். வராவிட்டால் 'தெரியாதது 3' என்று ஒரு வரி எழுதி, மீதியை 12 என்று முடியுங்கள். கணக்கைப் பொருத்துவதற்காகச் சாப்பாட்டை 21 என்று திருத்தாதீர்கள். இந்தத் தெரியாதது என்ற வரிதான் உங்கள் கணக்கு எவ்வளவு உண்மை என்பதைச் சொல்லும். அன்றைய செலவு 48-இல் 3 என்றால் பரவாயில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து பத்தில் ஒரு பங்கு தெரியாததாகப் போனால், நீங்கள் செலவு செய்த இடத்தில் எழுதாமல் இரவில் ஞாபகத்திலிருந்து எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

மீதி 12 கட்டக் கவருக்குத் திரும்பப் போகிறது. கவரில் 240-இல் 60 எடுத்தது போக 180 இருந்தது, இப்போது 192. மீதி 3 நாள். நாளுக்கு 64 வருகிறது. நாளைக்கு 64 எடுக்கலாமா? வேண்டாம், 60-ஏ எடுங்கள். வகுத்து வரும் எண் 60-க்கு மேல் இருந்தால் 60, கீழே இருந்தால் அந்தக் குறைந்த எண். விதி இவ்வளவுதான். மிச்சம் பிடித்ததை மறுநாளே செலவுக்குச் சேர்த்துக்கொண்டால், மோசமான நாள் வரும்போது தாங்க ஒன்றும் இருக்காது.

மோசமான நாள் இரண்டாம் நாளே வருகிறது. 60 எடுத்துக்கொண்டு போனீர்கள். ரொக்கமாக 52 செலவு. இரவு மழையில் டாக்சி, 25, கார்டில் கொடுத்தீர்கள். பர்ஸில் 8 இருக்கிறது. பணம் மிச்சம் இருப்பதைப் பார்த்து நல்ல நாள் என்று நினைக்கத் தோன்றும். கவர் முறை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கார்டில் போன பணம் கவரைத் தொடவில்லை. அதனால் கவர் பொய் சொல்கிறது.

இதற்கு வழி, கார்டில் கொடுத்த அதே தொகையை அன்றிரவே ரொக்கமாக எடுத்துக் 'கார்டு' என்ற கவரில் போட்டுவிடுவது. பர்ஸில் இருக்கும் 8-ம், கட்டக் கவரிலிருந்து 17-ம் அங்கே போகின்றன. இப்போது கட்டக் கவரைப் பார்ப்போம்: 192-இல் காலையில் 60 எடுத்தோம், 132. அதிலிருந்து 17 போக 115. மீதி 2 நாள். நாளுக்கு 57 சொச்சம். ஆக நாளைக்கு 57தான். டாக்சி எடுத்ததன் விளைவு மறுநாள் காலையிலேயே கைக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கார்டு பில் பார்க்கும்போது தெரிந்து பயனில்லை.

கார்டு கவரில் சேரும் ரொக்கத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதை அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்துங்கள். அடுத்த கட்டக் கவருக்கு 180 வேண்டும், கார்டு கவரில் 25 இருக்கிறது என்றால், ஏடிஎம்மில் 155 எடுத்தால் போதும். எடுக்காமல் விட்ட 25 வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது, கார்டு பில்லுக்கு அது போகும். முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொண்டுபோகிறவர்கள் அதை அப்படியே வைத்திருந்து ஊர் திரும்பியதும் கணக்கில் போட்டுவிடலாம். பெரும்பாலும் கார்டிலேயே வாழும் ஊர் என்றால் ரொக்கத்துக்குப் பதில் சீட்டு போதும்: 60 என்று எழுதிய சீட்டைக் காலையில் எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் அதிலேயே கழித்து, இரவில் மீதியைக் கட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும். பணத்தாள் கையை விட்டுப் போகும் உணர்வு அதில் குறைவுதான், ஆனால் கணக்கு அதேதான்.

மூன்றாம் நாள் 57 எடுத்தீர்கள், அமைதியான நாள், 41 செலவு, 16 திரும்பியது. கவரில் 58-ம் 16-ம் சேர்ந்து 74. நான்காம் நாள் ஒரு நாள்தான் மீதி, 74 இருந்தாலும் 60 எடுக்கிறீர்கள். இரவுச் சாப்பாடு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடிவிட்டது, அன்றைய செலவு 66. வெளியே கூடிய அந்த 6 கார்டில் போயிருந்தால் கார்டு கவருக்கு 6 போகும், கடனாக வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கப் போகும். எப்படியானாலும் கட்டக் கவரில் 8 மிஞ்சுகிறது. கட்டம் முடிந்ததும் மிஞ்சியது தளர்வுக் கவருக்குப் போய் அது 108 ஆகிறது. 48, 77, 41, 66 என்று நாலு நாளும் நாலு விதமாக இருந்தாலும், கூட்டினால் 232, கட்டத்தின் 240-க்குள் நின்றுவிட்டது.

வகைகளைப் பார்க்க வேண்டியது இங்கேதான், கட்டம் முடியும்போது. தினமும் பார்க்க வேண்டாம். நோட்டைப் புரட்டி நாலே வகையாகக் கூட்டுங்கள்: சாப்பாடு, போக்குவரத்து, பார்ப்பது, மற்றவை. அதற்கு மேல் பிரித்தால் மூன்றாம் நாளே அலுத்து நிறுத்திவிடுவீர்கள். இந்தக் கூட்டலில் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, எது எதிர்பார்த்ததைவிட அதிகம் தின்கிறது என்பது. தினமும் சின்னச் சின்னப் பேருந்துக் கட்டணமாகப் போவது நாலு நாளில் ஒரு வாரப் பயண அட்டையின் விலையைத் தாண்டியிருந்தால் அது இப்போது தெரியும், மீதி நாளுக்கு அட்டை வாங்கலாமா என்று முடிவு செய்யலாம்.

இரண்டாவது அதைவிட முக்கியம்: உங்கள் அடிமட்டச் செலவு. நீங்கள் பட்டினி கிடக்காமல், அவதிப்படாமல் ஒரு நாளை ஓட்ட அந்த ஊரில் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இது ஊகம்தான். முதல் கட்டம் முடிந்ததும் அது நோட்டில் எழுத்தாக இருக்கிறது. மூன்றாம் நாள் 41 ஆயிற்று. அதில் வேண்டாத ஒன்றும் இல்லை. ஆக இந்தப் பயணத்தின் அடிமட்டம் 40 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டத்தில் இது எதற்கு உதவுகிறது என்று பாருங்கள். 3 நாளுக்கு 180. ஐந்தாம் நாளில் சாதாரணச் செலவு 55, அதோடு ஆசைப்பட்டு ஒரு பொருள் 40-க்கு வாங்கிவிட்டீர்கள். மொத்தம் 95. கவரில் 85, 2 நாள், நாளுக்கு 42. அடிமட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. இரண்டு நாள் சிக்கனமாக இருந்தால் கட்டம் தானாகவே சரியாகிவிடும், எதையும் தொட வேண்டாம். அதே பொருள் 60 ஆக இருந்திருந்தால் கவரில் 65, நாளுக்கு 32. இது அடிமட்டத்துக்குக் கீழே. இந்த நிலையில் 'நாளைக்கு அடக்கிக்கொள்ளலாம்' என்ற திட்டம் நடக்காது. காலைச் சாப்பாட்டை விடுவீர்கள், பதினொரு மணிக்குப் பசியில் கண்ணில் பட்ட இடத்தில் இரு மடங்கு கொடுத்துச் சாப்பிடுவீர்கள். வகுத்து வரும் எண் அடிமட்டத்துக்குக் கீழே போனால் தினசரிச் செலவைச் சுருக்க முயலாதீர்கள். தெரிந்த செலவுக் கவரை எடுத்து அதில் ஒரு பெரிய விஷயத்தை வெட்டுங்கள், ஒரு நுழைவுக் கட்டணத்தையோ சொகுசு வகுப்பு டிக்கெட்டையோ. ஒரே முடிவில் பள்ளம் நிரம்பிவிடும்.

அந்தப் பொருளைத் தளர்வுக் கவரிலிருந்து வாங்கியிருக்கலாமே என்றால், வாங்கியிருக்கலாம். தளர்வு அதற்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே இன்றைக்கு அதை வாங்கப் போகிறேன் என்று தளர்விலிருந்து 40-ஐத் தனியாக எடுத்துக்கொண்டு போனால், ஐந்தாம் நாள் செலவு 55-ஓடு நின்றிருக்கும். இரவில் கூட்டிப் பார்த்து, கூடிப்போனதை மூடுவதற்காகத் தளர்வைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு முறை செய்தால் அந்தக் கவர் கட்டக் கவரின் வால் ஆகிவிடும். நாளுக்கு 70 என்று ஆரம்பத்திலேயே வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. அடுத்த கட்டக் கவரிலிருந்து எடுப்பதும் இதே கதைதான். வேறு வழியே இல்லாமல் எடுத்தால், எடுத்த தொகையையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அந்தக் கவருக்குள் போடுங்கள், அந்தக் கட்டத்தின் நாள் அளவையும் அப்போதே புதிதாக வகுத்துக் கவர் மேல் எழுதிவிடுங்கள்.

வேறு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது: நாணய மாற்று. நோட்டை முழுக்க அந்த ஊர்ப் பணத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் சொந்தப் பணத்துக்கு மாற்றி எழுத ஆரம்பித்தால் கணக்கு தப்பும், நேரமும் போகும். மாற்றம் கவர் நிரப்பும்போது ஒரே ஒரு முறை நடந்தால் போதும். அப்போது இணையத்தில் காட்டும் மாற்று விகிதத்தை எடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு கழிந்தது, கையில் எவ்வளவு வந்தது என்று பார்த்து வகுங்கள். அந்த ஊர்ப் பணம் 800 கையில் வந்தது, உங்கள் கணக்கில் கட்டணமெல்லாம் சேர்த்து 412 கழிந்தது என்றால் உங்கள் உண்மையான விகிதம் 0.515. திரையில் 0.50 என்று காட்டியிருக்கலாம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பயணம் முழுக்க எல்லாச் செலவிலும் அது மூன்று சதவீதம். அந்த மூன்று சதவீதத்தைப் பட்ஜெட் போடும்போதே கழித்துவிட்டால் பிறகு அதிர்ச்சி இல்லை.

ஏடிஎம் கட்டணம் பல இடங்களில் எடுக்கும் தொகையைப் பொறுத்து இல்லாமல் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று இருக்கும். ஒரு முறைக்கு 5 என்றால், 50 எடுக்கும்போது அது பத்து சதவீதம், 250 எடுக்கும்போது இரண்டு சதவீதம். கட்டத்துக்கு ஒரு முறை எடுத்து அப்படியே கவரில் போடுவது இந்த விதத்திலும் நல்லது. எடுத்தது செலவு இல்லை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பணம் மாறியது மட்டுமே. அதைச் செலவு வரியில் எழுதினால் அந்தப் பணம் இரண்டு முறை செலவானதாகக் காட்டும். கட்டணமான 5 மட்டும் செலவு.

ஏடிஎம்மிலோ கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரத்திலோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சொந்தப் பணத்தில் கழிக்கச் சொன்னால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் வைக்கும், அது பெரும்பாலும் உங்கள் வங்கி தரும் விகிதத்தைவிட மோசம். தொகை தெரிந்த எண்ணாகத் திரையில் தெரிவதால் நம்பிக்கை வரும், அதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

முன்பணம் வேறு விஷயம். தங்குமிடத்திலோ வாடகை வண்டிக்கோ கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அது செலவு அல்ல, ஆனால் டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் விடுவிக்கப்படும் வரை உங்களால் தொட முடியாது. விடுவிக்கச் சில நாட்கள் ஆகும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'திரும்ப வர வேண்டியது' என்று தனியாக எழுதிவையுங்கள்: யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி. வந்ததும் அடித்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த சாவி முன்பணத்துக்கும் இதே பக்கம்தான். அதை அன்றைய செலவில் எழுதி, திரும்பக் கிடைத்த நாளில் வரவு என்று நினைத்தால், அந்த நாள் திடீரென்று பணக்கார நாள் ஆகி, கிடைத்தது முழுக்க அன்றே போய்விடும்.

இருவரோ மூவரோ சேர்ந்து போனால், பொதுச் செலவுக்கு ஒரே கவர், ஒரே நோட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் எல்லோரும் சமமாகப் போடுங்கள், சேர்ந்து சாப்பிடுவது, சேர்ந்து போவது எல்லாம் அதிலிருந்து. சொந்தமாக வாங்குவது அவரவர் பர்ஸ். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தினமும் கழித்துக் கூட்டும் வேலை இதில் இல்லை. நோட்டும் கவரும் ஒரே ஆளிடம் இருக்கட்டும், இரவு எண்ணும்போது மட்டும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடைசிக் கட்டத்தில் இரண்டு விஷயத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இருந்தால் கடைசி ஏடிஎம் எடுப்பைக் குறைவாக வையுங்கள், கார்டு கவரில் சேர்ந்த ரொக்கத்தையே முதலில் செலவழியுங்கள். நாணயங்களை மாற்று நிலையங்கள் பொதுவாக வாங்குவதில்லை, அதனால் கடைசி இரண்டு நாள் சில்லறையிலிருந்து கொடுக்க ஆரம்பியுங்கள். தளர்வுக் கவரில் மீதி இருந்தால் கடைசிக்கு முந்தைய நாள் திறந்து, எதற்கென்று முடிவு செய்து செலவு செய்யலாம், தாராளமாக. அவசரக் கவரை மட்டும் வீட்டு வாசல் வரை திறக்காதீர்கள், ஏனென்றால் திரும்பும் நாளிலும் வண்டி தவறலாம்.

வந்து ஒரு வாரம் கழித்துக் கார்டு பில்லை நோட்டோடு வைத்து வரிக்கு வரி பாருங்கள். கடையில் கொடுத்த நாளில் தெரிந்த தொகையும் பில்லில் முடிவாக வரும் தொகையும் மாற்று விகிதத்தால் கொஞ்சம் வேறுபடும், கார்டு நிறுவனத்தின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். நோட்டில் 25 என்று இருந்த டாக்சி பில்லில் 25.70 ஆகியிருந்தால் அது இயல்பு. நோட்டில் இல்லாத வரி பில்லில் இருந்தாலோ, ஒரே செலவு இரண்டு முறை வந்திருந்தாலோ உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், புகார் கொடுக்கக் கால வரம்பு உண்டு. தேதி, நேரம், தொகை எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருப்பதால் அந்தப் பேச்சுக்கு வேறு ஒன்றையும் தேட வேண்டியிருக்காது.